திரையில் படம் ஓடுகிறது, பதிவு ஆகிறதா?

கேள்வி: "தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் ஜவுளிக்கடை நடத்துகிறேன். ஆறு கேமராக்கள், ஒரு டிவிஆர் இருக்கின்றன. போன மாதம் ஒரு வாடிக்கையாளர், நான்கு புடவைக்குப் பணம் கட்டினேன், வீட்டில் பிரித்தால் மூன்றுதான் இருந்தது என்று வந்து நின்றார். பதிவைத் திறந்தால் 17 நாட்களாக எதுவுமே பதிவாகவில்லை. இத்தனைக்கும் கல்லாவுக்கு மேலே உள்ள திரையில் ஆறு படமும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நானும் தினமும் காலையில் போனில் பார்ப்பேன். மெக்கானிக் வந்து ஹார்டு டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிட்டு, இனிப் பிரச்சினை இல்லை என்றார். கேமராவைக் கவனித்துவந்த பையன் வேலையை விட்டுவிட்டான். அடுத்த வாரம் ஒரு பெண் சேருகிறாள். பிளஸ் டூ முடித்தவள், கெட்டிக்காரி. தினமும் என்னென்ன பார்க்க வேண்டும் என்று அவளுக்கு எழுதிக் கொடுக்க நினைக்கிறேன். எனக்கே தெரியாததை எப்படி எழுதுவது? கேமரா விற்றவர் 30 நாள் பதிவு இருக்கும் என்றார். டிஸ்க் 1 டிபி. பாஸ்வேர்டை அவளிடம் கொடுக்கலாமா? பதிவு நின்றுபோனால் அவள்தான் பொறுப்பு என்று எழுதி வாங்கலாமா?"

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கண்காணிப்புக் கேமரா பராமரிப்புப் பொறியாளர்

நீங்கள் தினமும் பார்த்தது உண்மை. ஆனால் பார்த்தது பதிவை அல்ல. கேமராவிலிருந்து வரும் படம் டிவிஆர் பெட்டிக்குள் நுழைந்ததும் தனித்தனி வழிகளில் பிரிகிறது. ஒன்று நேராகத் திரைக்குப் போகிறது. ஒன்று இணையம் வழியாக உங்கள் போனுக்கு வருகிறது. இன்னொன்று சுருக்கப்பட்டு ஹார்டு டிஸ்க்கில் எழுதப்படுகிறது. டிஸ்க் முழுவதும் பழுதாகிவிட்டாலும் முதல் இரண்டும் வழக்கம்போல ஓடும். டிஸ்க்கையே கழற்றி மேசைமேல் வைத்துவிட்டாலும் திரையில் ஆறு படமும் தெரியும். எனவே நேரடிப் படத்தைப் பார்த்துச் செய்கிற எந்தச் சோதனையும் பதிவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பெட்டியில் மினுக்குகிற விளக்கும் அப்படித்தான். பழுதான டிஸ்க்கில் பெட்டி திரும்பத் திரும்ப எழுத முயன்றாலும் அது மினுக்கலாம்.

பதிவாகிறது என்பதற்கு ஒரே சான்று, நேற்றைய பதிவைத் திறந்து ஓட்டிப் பார்ப்பதுதான். அந்தப் பெண்ணுக்கு நீங்கள் எழுதித் தரும் தாளின் நடு அங்கம் இதுவாக இருக்க வேண்டும். மற்றவையெல்லாம் இதற்குத் துணை.

ஒரு பில்லை எடுத்துக்கொள்ளுங்கள்

ஜவுளிக்கடைக்கு ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு விற்பனைக்கும் நேரம் அச்சிட்ட பில் இருக்கிறது. நேற்றைய பில்களில் ஏதாவது ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். மாலை 6.42க்குப் போட்ட பில், மூன்று சுடிதார் என்று வைத்துக்கொள்வோம். டிவிஆரின் மெனுவில் `Playback` என்ற இடத்துக்குப் போய், கல்லா கேமராவையும் நேற்றைய தேதியையும் தேர்ந்து, 6.40லிருந்து ஓட்ட வேண்டும். ஒருவர் கல்லாவில் நிற்கிறார், மூன்று சுடிதார் மடித்துப் பையில் போகின்றன, பணம் கைமாறுகிறது. பில்லில் இருப்பது பதிவிலும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்த ஒரு நிமிடத்தில் ஐந்து விஷயங்கள் தெரிந்துவிடும். டிஸ்க் எழுதியிருக்கிறது. எழுதியதைத் திரும்பப் படிக்கவும் முடிகிறது. கேமரா சரியான இடத்தைப் பார்க்கிறது. பைக்குள் போன துணிகளை எண்ண முடிகிறது. பெட்டியின் கடிகாரமும் பில் மெஷினின் கடிகாரமும் ஒத்துப்போகின்றன. மூன்று சுடிதார் போவதை எண்ண முடியவில்லை என்றால், அந்தக் கேமரா பதிவு செய்தும் உங்களுக்குப் பயனில்லை. புடவைத் தகராறில் உங்களுக்குத் தேவைப்பட்டது இந்த எண்ணிக்கைதானே? கேமராவைக் கொஞ்சம் தாழ்த்தியோ, பைபோடும் இடத்தை நகர்த்தியோ அன்றைக்கே சரிசெய்துவிடலாம்.

கல்லா கேமராவைத் தினமும் பார்க்க வேண்டும். மற்ற ஐந்தையும் நாளைக்கு ஒன்றாக முறைவைத்துப் பார்த்தால் போதும். ஆறையும் தினமும் ஓட்டிப் பார் என்று எழுதினால் ஒரு வாரம் செய்வார். அப்புறம் பார்க்காமலே டிக் அடிப்பார். பல கடைகளில் நான் கண்டது இது. நேர்மையாகச் செய்ய முடிகிற அளவுக்கு வேலையைச் சிறிதாக வையுங்கள்.

கடிகாரம்

பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. டிவிஆருக்குள் பொத்தான் வடிவ பேட்டரி ஒன்று இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துபோன பெட்டியில், கரண்ட் போய் வந்ததும் தேதி ஏதோ ஒரு பழைய ஆண்டுக்குப் போய்விடும். படம் பதிவாகிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் தவறான தேதியில். நீங்கள் இந்த மாதத்தில் தேடுவீர்கள், அது 2000ஆம் ஆண்டு ஜனவரியில் கிடக்கும். ஆகவே பதிவு இல்லை என்று முடிவுகட்டும் முன், தேதி மாறியிருக்கிறதா என்று ஒரு முறை பார்ப்பது நல்லது. உங்கள் 17 நாட்களும் இப்படி ஒளிந்திருந்திருக்குமோ என்பதை இனிக் கண்டறிய முடியாது. ஃபார்மேட் அந்த வாய்ப்பை மூடிவிட்டது.

இன்னொரு தவறும் அடிக்கடி வரும். வெளிநாட்டிலிருந்து வரும் சில பெட்டிகளில் நேர மண்டலம் `GMT+08:00` என்றே இருந்துவிடும். இந்தியாவுக்கு அது `GMT+05:30` என்று இருக்க வேண்டும். மாற்றாமல் விட்டால், பெட்டி இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும்போதெல்லாம் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னே ஓடும். மாலை ஆறரைக்கு நடந்தது ஒன்பது மணிக்கு நடந்ததாகக் காட்டும். கையால் எத்தனை முறை திருத்தினாலும் திரும்பவும் தாவும். உங்கள் கடிகாரம் துல்லியமாக இரண்டரை மணி நேரம் தள்ளியிருந்தால் காரணம் அனேகமாக இதுதான். நேர மண்டலத்தை மாற்றிவிட்டு, `NTP` என்ற இடத்தில் `time.nplindia.org` என்று கொடுக்கச் சொல்லுங்கள். அது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சேவை.

சில விநாடி வித்தியாசத்தால் கெடுதல் இல்லை. அந்த வித்தியாசம் எவ்வளவு என்று எழுதிவைத்திருப்பதுதான் முக்கியம். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் உங்களிடம் சொல்ல வேண்டும். அவராகக் கடிகாரத்தைத் திருப்பக் கூடாது. நேரத்தைப் பின்னுக்கு இழுத்தால் ஒரே நேரத்துக்கு இரண்டு பதிவுகள் வந்து, தேடும்போது குழப்பும்.

30 நாள் கணக்கு

விற்றவர் சொன்னதை நம்பாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கேமரா விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் நாள் முழுவதும் எழுதினால் 10.8 ஜிபி ஆகும். 2 மெகாபிக்சல் கேமராவைப் பார்க்கும்படியான தரத்தில் வைக்க, பெட்டியின் வகையைப் பொறுத்து விநாடிக்கு 2 மெகாபிட் என்று கொள்வது நியாயமான கணக்கு. அப்படியானால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 21.6 ஜிபி, ஆறு கேமராவுக்கு ஏறத்தாழ 130 ஜிபி. 1 டிபி என்பது ஆயிரம் ஜிபி. ஏழு நாட்களுக்குச் சற்று மேலே நிரம்பிவிடும்; அதன்பின் பழையதை அழித்து அதன்மேல் புதியதை எழுதும். 30 நாள் வேண்டுமென்றால் இந்தத் தரத்துக்கு 4 டிபி தேவை. ஆட்கள் நடமாடும்போது மட்டும் பதிவு செய்யும் முறையில் வைத்தால் நாட்கள் கூடும். ஆனால் கல்லாவை அந்த முறையில் விட வேண்டாம். அசைவு குறைவாக இருக்கும் சில விநாடிகள் விட்டுப்போகும். தகராறு வரும்போது அந்த விநாடிகள்தான் வேண்டியிருக்கும்.

இதன் பொருள், உங்கள் பெட்டி பழுதே இல்லாமல் ஓடியிருந்தாலும், பத்து நாள் கழித்து வரும் வாடிக்கையாளருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. மெய்யாக எத்தனை நாள் இருக்கிறது என்று அறிய வாரம் ஒரு முறை `Playback` நாட்காட்டியைத் திறந்து பார்த்தால் போதும். பதிவு உள்ள தேதிகளில் குறி இருக்கும். மிகப் பழைய தேதி எது என்று எழுதிவையுங்கள். அந்தத் தேதி ஒவ்வொரு வாரமும் ஏழு நாள் முன்னேற வேண்டும். பழைய தேதி அப்படியே நின்று, புதிய தேதிகளில் குறி விழாமல் இருந்தால், டிஸ்க் நிரம்பியதும் பழையதன்மேல் எழுதும் `Overwrite` அமைப்பு அணைந்திருக்கிறது என்று சந்தேகியுங்கள். பதிவு சத்தமில்லாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஃபார்மேட் செய்தது போதுமா?

போதாது. ஃபார்மேட் டிஸ்க்கைத் துடைக்கும், பழுதை நீக்காது. டிஸ்க்கில் ஒரு பகுதி கெட்டிருந்தால், புதிதாக எழுதத் தொடங்கி அந்தப் பகுதிக்கு வந்து சேர்கிறவரை எல்லாம் நன்றாகவே இருக்கும். உங்கள் டிஸ்க் ஒரு சுற்று எழுதி முடிக்க ஒரு வாரத்துக்கு மேலாகும். எனவே முதல் சில நாட்கள் சரியாக ஓடியதை வைத்து நம்பிவிடாதீர்கள். இரண்டு சுற்றாவது ஓடட்டும்.

மெக்கானிக்கை ஒரு முறை அழைத்து, டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் `S.M.A.R.T.` பக்கத்தை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். `Reallocated Sector Count`, `Current Pending Sector` என்ற இரண்டு வரிகளின் கடைசியில் வரும் எண்ணைப் போனில் படமெடுத்து வையுங்கள். இரண்டுமே பூஜ்யமாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் இரண்டு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். எண் ஏறியிருந்தால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள், தயங்க வேண்டாம். மாற்றும்போது மேசைக் கணினிக்கான டிஸ்க்கை வாங்காமல், கண்காணிப்புக் கேமராவுக்கென்றே தயாரிக்கும் வகையைக் கேளுங்கள். நாள் முழுவதும் ஓயாமல் எழுத வடிவமைத்தவை அவை. உங்கள் பெட்டி எத்தனை டிபி வரை ஏற்கும் என்றும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே இன்னொன்றையும் செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலான டிவிஆர்களில் டிஸ்க் பழுது, டிஸ்க் நிறைவு, கேமரா படம் அறுந்தது ஆகியவற்றுக்குத் தனித்தனியாக எச்சரிக்கை ஒலி வைக்கலாம். `Exception` என்ற தலைப்பின்கீழ் இருக்கும். கீச் கீச் என்று கத்துகிறது என்று யாரோ ஒரு நாள் அதை அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பெரும்பாலான கடைகளில் கதை அதுதான். திரும்ப உயிர்கொடுங்கள். பெட்டி பூட்டிய அலமாரிக்குள் இருந்தாலும் அந்தச் சத்தம் கல்லாவரை கேட்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

உதவியாளர் கையில் கொடுக்க வேண்டிய தாள்

ஒரே தாளாக இருக்கட்டும். பெரிய எழுத்தில் அச்சிட்டு டிவிஆருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன். உங்கள் கடைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

*கடை திறந்ததும், வாடிக்கையாளர் வரும் முன், பத்து நிமிடம்.*

*1. டிவிஆர் பெட்டியருகே போய் நில்லுங்கள். கீச் என்று விட்டுவிட்டுச் சத்தம் வந்தால் எதையும் தொடாமல் எனக்குப் போன் செய்யுங்கள். பெட்டியின் மேல் துணியோ அட்டைப்பெட்டியோ இருந்தால் எடுத்துவிடுங்கள்; சூடு அதற்கு ஆகாது.*

*2. திரையில் ஆறு படங்கள் இருக்க வேண்டும். எங்காவது `Video Loss` அல்லது `No Signal` என்று இருந்தால் எந்தக் கேமரா என்று எழுதுங்கள். கேமராக்கள் சரியாக இருந்தபோது எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஆறு புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேமரா திரும்பியிருக்கிறதா, தொங்கவிட்ட துணியோ தள்ளுபடிப் பலகையோ மறைக்கிறதா என்று கவனியுங்கள்.*

*3. உங்கள் போனில் உள்ள நேரத்தையும் திரையில் உள்ள நேரத்தையும் ஒன்றாகப் பாருங்கள். தேதி, ஆண்டு சரியா? எத்தனை விநாடி வித்தியாசம்? நோட்டில் எழுதுங்கள். நீங்களாகத் திருத்த வேண்டாம்.*

*4. நேற்றைய பில் ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு நாளும் வேறு வேளையில் போட்ட பில்லாக இருக்கட்டும். `Playback` திறந்து கல்லா கேமராவில் அந்த நேரத்தை ஓட்டிப் பாருங்கள். ஆளும் பொருளும் தெரிகின்றனவா? பில் எண்ணை நோட்டில் எழுதுங்கள்.*

*5. அதே இடத்தில், இன்றைக்கு முறையுள்ள கேமராவில் நேற்று இரவு 2 மணியை ஒரு நிமிடம் ஓட்டுங்கள். படம் வெள்ளையாகவோ மங்கலாகவோ இருந்தால் எழுதுங்கள்.*

*6. கீழே உள்ள நேரப் பட்டையில் நேற்று காலை முதல் இன்று காலை வரை இடைவெளி இருக்கிறதா? எப்போது முதல் எப்போது வரை, எந்தெந்தக் கேமராவில் என்று எழுதுங்கள்.*

*கடையை மூடும்போது: "கேமரா" என்று சிவப்பில் எழுதிய சுவிட்சை அணைக்கக் கூடாது.*

*எப்போதும்: `Format`, `Initialize`, `Delete` என்று திரையில் எது கேட்டாலும் அழுத்தாதீர்கள். போலீஸார் உட்பட யார் பதிவைக் கேட்டாலும் முதலில் எனக்குச் சொல்லுங்கள். ஏதாவது தவறாக இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். சொன்னதற்காக யாரும் உங்களைக் கோபிக்க மாட்டார்கள்.*

தாள் அவ்வளவுதான். இதில் சிலவற்றுக்கான காரணத்தை நீங்கள் தெரிந்துவைத்திருந்தால் அவர் கேட்கும்போது விளக்கலாம்.

இரவு இரண்டு மணியைப் பார்க்கச் சொல்வது சிலந்திவலைக்காக. இருட்டில் கேமரா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசிப் படமெடுக்கிறது. லென்ஸுக்கு முன்னால் ஒரே ஒரு சிலந்தி இழை இருந்தாலும் அந்த ஒளி அதில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெளுத்துவிடும். பகலில் அந்த இழை தெரியவே தெரியாது. அசைவுக்குப் பதிவாகும் முறையில் இருந்தால் காற்றில் ஆடும் வலையே இரவெல்லாம் பதிவைத் தூண்டி டிஸ்க்கைத் தின்னும். வாசல் கேமராவை வாரம் ஒரு முறை உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும். கையெட்டாத இடத்தில் அந்தப் பெண்ணை ஏணி ஏறச் சொல்லாதீர்கள்.

நேரப் பட்டையில் உள்ள இடைவெளியின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். ஆறு கேமராவிலும் ஒரே நேரத்தில் இடைவெளி விழுந்திருந்தால் மின்சாரம், டிஸ்க், பெட்டி ஆகிய மூன்றில் ஒன்று. ஒரு கேமராவில் மட்டும் என்றால் அந்தக் கேமராவின் கேபிள், இணைப்பு முனை, அடாப்டர். தினமும் இரவு ஒன்பதரைக்குத் தொடங்கிக் காலை ஒன்பது மணிக்கு முடிந்தால், கடையை மூடுகிறவர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போகிறார். கடைக்கு இரவில் காவல் இல்லாமல் போவதோடு, எழுதிக்கொண்டிருக்கும்போதே தினமும் மின்சாரம் துண்டிக்கப்படுவதால் டிஸ்க்கும் நாளடைவில் கெடும். உங்கள் டிஸ்க் பழுதானதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து டிவிஆருக்கும் கேமராக்களுக்கும் தனி லைன் போட்டு, ஒரு சிறிய யுபிஎஸ் வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் கடையில் டிரையல் ரூம் இருக்குமானால், அதன் வாசலைப் பார்க்கும் கேமராவின் புகைப்படத்தை அந்தப் பெண் மிகக் கவனமாக ஒப்பிட வேண்டும். யாரோ இடித்து அது சற்றே திரும்பி, கதவு திறக்கும்போது உள்ளே தெரிந்தாலும் நீங்கள் பெரிய சிக்கலில் மாட்டுவீர்கள். தனிமையில் உடைமாற்றும் பெண்ணைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவின்கீழ் குற்றம். அங்கே கேமரா வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்பதே என் யோசனை. டிரையல் ரூமுக்குக் கொண்டுபோகும் துணிகளை வெளியே எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கலாம்.

பாஸ்வேர்டும் பொறுப்பும்

அட்மின் பாஸ்வேர்டை அவரிடம் கொடுக்க வேண்டாம். அவர்மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல. மேலே சொன்ன வேலைக்கு அது தேவையே இல்லை. டிவிஆரில் அவர் பெயரில் ஒரு தனிப் பயனர் உருவாக்கி, நேரடிப் படம், பதிவை ஓட்டுதல் ஆகிய இரண்டு அனுமதிகளை மட்டும் கொடுங்கள். டிஸ்க் அமைப்பு, அழித்தல், நேரம் மாற்றுதல் எதுவும் அவர் கைக்கு எட்டாது. பின்னாளில் ஏதாவது அழிந்துபோனால் அவர்மேல் சந்தேகம் விழாது. அந்த வகையில் இது அவருக்கும் பாதுகாப்பு. அட்மின் பாஸ்வேர்டை நீங்களும் குடும்பத்தில் இன்னொருவரும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு நின்றால் அவர் பொறுப்பு என்று எழுதி வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டிஸ்க் கெடுவதையும் பேட்டரி தீர்வதையும் அவரால் தடுக்க முடியாது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதுதான் அவர் வேலை. தவறு தெரிந்தால் தன் தலையில் விழும் என்று பயந்தால், இடைவெளியைக் கண்டாலும் "சரி" என்றே எழுதுவார், உங்களுக்கு அது தெரியவும் தெரியாது. சம்பளத்தில் பிடிப்பதைப் பற்றி யோசித்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக வாரம் ஒரு நாள் நீங்களே நோட்டை எடுத்து, அவர் குறித்த பில் எண் ஒன்றைப் பதிவில் தேடிப் பாருங்கள். அவருடைய வேலையைச் சரிபார்க்க அது போதும்.

அந்த நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. திருட்டுப் புகார் நீதிமன்றம்வரை போனால், டிவிஆரிலிருந்து நகலெடுத்த பதிவோடு ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவு அதைக் கேட்கிறது; முன்பு இது இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்தது. அந்தக் காலகட்டத்தில் கருவி ஒழுங்காக இயங்கியது என்று கருவியின் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். தினமும் நேர வித்தியாசத்தோடு எழுதிய நோட்டு கையில் இருந்தால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்கும். சான்றிதழின் வாசகத்தை வழக்கறிஞரிடம் கேட்டு எழுதுங்கள்.

ஏதாவது சம்பவம் நடந்தால் அன்றைக்கே அந்தப் பகுதியை, முன்னும் பின்னும் அரைமணி நேரம் சேர்த்து, இரண்டு பென் டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். உங்களுக்கு இருப்பது ஏழு நாள்தான். நகலை அங்கேயே ஒரு கணினியில் ஓட்டிப் பாருங்கள். சில டிவிஆர்களின் பதிவு அதற்குரிய பிளேயர் இல்லாமல் திறக்காது. திரையைப் போனால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பதிவே இல்லை என்று தெரிந்தால் பெட்டியை அணைக்கச் சொல்லிவிட்டு மெக்கானிக்கை வரவழையுங்கள். டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு வேறு டிஸ்க் போட்டுப் பதிவைத் தொடரலாம். பழைய டிஸ்க்கிலிருந்து மீட்க முடியுமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஃபார்மேட் செய்தபின் அந்த வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வேலையை விட்டுப் போன பையனின் போனில் கேமரா செயலி இருந்திருக்கும். நீங்கள் நீக்காதவரை உங்கள் கடை, கல்லா, யார் எப்போது பூட்டுகிறார்கள் என்பதெல்லாம் அந்தப் போனில் தெரியும். அவன் நல்லவனாகவே இருக்கலாம், போன் தொலைந்து வேறு கைக்குப் போகலாம். டிவிஆரில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். செயலியில் யார் யாருக்குப் பகிரப்பட்டிருக்கிறது என்று பார்த்து அவன் எண்ணை நீக்குங்கள். பெட்டி அவன் கணக்கிலேயே பதிவாகியிருந்தால், அவனை அழைத்து அவன் கையாலேயே நீக்கச் சொல்லிவிட்டு, உங்கள் எண்ணில் புதிதாகச் சேருங்கள். புதிய பெண் வேலைக்கு வரும் முன் இது முடிந்திருக்க வேண்டும்.